செல் வால் வேற, செல் மெம்பிரேன் வேற: வெங்காய செல்லு படத்துல மார்க் எங்க போச்சு

கேள்வி: என் மகன் செக் ஒன், அதாவது செகண்டரி ஒன் படிக்கிறான். சயின்ஸ் ஒர்க்‌ஷீட்ல பிளான்ட் செல், அனிமல் செல் ரெண்டு படம் குடுத்து பேர் லிஸ்டும் குடுத்து கோடு போட்டு லேபிள் பண்ண சொல்லியிருக்காங்க, அதுக்கு 8 மார்க். மைக்ராஸ்கோப்ல பாத்த வெங்காய செல்ல வரையணும், 1 மார்க். மூனு வித்தியாசம் எழுதணும், 3 மார்க். 12க்கு 5 வாங்கிட்டு வந்திருக்கான். பிளான்ட் செல்லுக்கு செல் வால், அனிமல் செல்லுக்கு செல் மெம்பிரேன்னு எழுதினது தப்பாம், வெங்காயத்துல குளோரோபிளாஸ்ட் வரஞ்சதும் தப்பாம். நோட்ஸ்ல அப்படித்தானே இருக்கு? ஒர்க்‌ஷீட் போட்டோ போட்டிருக்கேன். நான் காமர்ஸ் படிச்சவ, டீச்சர் கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி யாராச்சும் விளக்குங்களேன்.

பதில்:

அக்கா, போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். டீச்சர் போட்டது சரிதான், ஆனா தம்பி படிக்காம போனதால இந்த மார்க் போகல. நான் ஒரு ஸ்கூல் லேப்ல பல வருஷம் ஸ்லைடு தயார் பண்ணிக் குடுத்துட்டு இருந்தவன், செக் ஒன் பசங்க வருஷா வருஷம் இதே எடத்துலதான் விழுவாங்க. போன ஏழு மார்க்ல ரெண்டு ஒரே ஒரு கொழப்பத்துல இருந்து வந்தது, அத மொதல்ல நல்லா சொல்லிடுறேன், மிச்சத்த ஒவ்வொன்னா பாப்போம்.

அந்தக் கொழப்பம் இதுதான். செடிக்கு வால், மிருகத்துக்கு மெம்பிரேன், ஆளுக்கு ஒன்னுன்னு பங்கு பிரிச்சு வெச்சிருக்கான். அப்படி இல்ல. மெம்பிரேன்ங்கற மெல்லிசு சவ்வு ரெண்டுக்குமே இருக்கு, மெம்பிரேன் இல்லாம உயிரோட இருக்குற செல்லே கெடையாது. பிளான்ட் செல்லுக்கு அந்த மெம்பிரேனுக்கு வெளிய இன்னொரு ஒறை கூடுதலா இருக்கு, அதுதான் வால், அதாவது செல் சுவர். நம்ம புளோக்க நெனச்சுக்கோங்க, வீட்டுக் கதவு எல்லா வீட்டுக்கும் இருக்கு, சில வீட்டுல கதவுக்கு வெளிய இரும்பு கேட்டும் போட்டிருப்பாங்க. கேட் இருக்குற வீட்டுக்கு கதவு இல்லன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல, தம்பி எழுதினது அந்த மாதிரி ஆயிடுச்சு.

நோட்ஸ்ல அப்படி இருக்குன்னு சொன்னீங்க. டியூஷன் நோட்ஸ்ல பெரும்பாலும் ரெண்டு பக்க டேபிள் போட்டு ஒரு பக்கம் செல் வால் இருக்கும், இன்னொரு பக்கம் செல் வால் கெடையாதுன்னு இருக்கும். பசங்க மனப்பாடம் பண்ணும்போது அந்த "கெடையாது" பிடிக்காம, காலியா இருக்குற எடத்துல மெம்பிரேன கொண்டு போய் வெச்சுடுறாங்க. எழுதிப் பாத்தா ஜோடி அழகா இருக்கும், ஆனா தப்பு.

இப்ப லேபிளுக்கு வருவோம். அனிமல் செல்லுல மூனும் சரி, பிளான்ட் செல்லுல நியூக்ளியஸ், வால் சரி, ஆக அஞ்சு. மெம்பிரேன், சைட்டோபிளாசம், வேக்யுவோல் மூனும் போச்சு. மெம்பிரேன் ஏன் போச்சுன்னு பாருங்க, அந்தப் படத்துல வெளிய பக்கத்து பக்கத்துல ரெண்டு கோடு இருக்கு, அதுக்கு உள்ள கொஞ்சம் தள்ளி மூனாவதா ஒரு மெல்லிசு கோடு இருக்கு. தம்பி ரெண்டாவது கோட்டுல நிறுத்தி மெம்பிரேன்னு எழுதிட்டான். வால் தடிமனானதுன்னு காட்டத்தான் அத ரெண்டு கோடா வரைவாங்க, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குற பட்டை மொத்தமும் வால், ரெண்டாவது கோடு வாலோட உள் விளிம்பு. மெம்பிரேன் மூனாவது கோடு. ஆனா எல்லா படமும் இப்படி வராது, சில ஒர்க்‌ஷீட்ல மொத்தமே ரெண்டு கோடுதான் இருக்கும், அப்ப வெளிய இருக்குறது வால், உள்ள இருக்குறது மெம்பிரேன். அதனால பேனா எடுக்குறதுக்கு முன்னாடி வெளியில இருந்து உள்ள ஒரு விரல வெச்சு கோட்ட எண்ண சொல்லுங்க. மூனு இருந்தா மூனாவது, ரெண்டு இருந்தா ரெண்டாவது, எப்படியும் மெம்பிரேன் கடைசி கோடு, அதுக்கு அப்புறம் சைட்டோபிளாசம் ஆரம்பிச்சுடும். வேக்யுவோல சுத்தியும் ஒரு கோடு இருக்கும்தான், அது சைட்டோபிளாசத்த தாண்டி உள்ள இருக்குறது, இந்தக் கணக்குல சேராது.

அடுத்தது சைட்டோபிளாசமும் வேக்யுவோலும், ரெண்டையும் மாத்தி போட்டுட்டான். இதுல அவன் மேல தப்பு சொல்ல முடியாது, ஏன்னா அனிமல் செல் படத்துல நடுவுல இருக்குற பெரிய காலி எடம் சைட்டோபிளாசம், அதே கண்ணோட பக்கத்து படத்துக்கு போனா அங்கயும் நடுவுல பெரிய காலி எடம் இருக்கு, அதையும் சைட்டோபிளாசம்னுதான் கை எழுதும். ஆனா பிளான்ட் செல்லுல அந்த நடு எடம் வேக்யுவோல், உள்ள சர்க்கரை உப்பு எல்லாம் கரைஞ்ச தண்ணி, செல் சாப்னு சொல்லுவாங்க. முத்தின செல்லுல இது மொத்த எடத்துல 90 சதவீதம் வரைக்கும் கூட புடிச்சுக்கும். சைட்டோபிளாசத்த ஓரத்துக்கு தள்ளிடும், அது சுவத்த ஒட்டி ஒரு மெல்லிசு பட்டையா ஓடும், நியூக்ளியசும் அந்த பட்டையிலயே ஒரு ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்கும். இதுவே ஒரு நல்ல அடையாளம், நியூக்ளியஸ் ஓரமா ஒட்டிக்கிட்டு இருந்தா நடுவுல இருக்குறது பெரும்பாலும் வேக்யுவோல்னு எடுத்துக்கலாம்.

லேபிள் கோட்டோட நுனி எங்க நிக்குதுன்னுதான் மார்க்கே. வால், மெம்பிரேன் ரெண்டுக்கும் நுனி அந்தக் கோட்ட சரியா தொடணும், முன்னாடியும் நிக்கக் கூடாது தாண்டியும் போகக் கூடாது. சைட்டோபிளாசம், வேக்யுவோல், நியூக்ளியஸ் இதெல்லாம் எடம், கோடு இல்ல, அதனால நுனி அந்த எடத்துக்கு உள்ள போய் நிக்கணும். தம்பி அம்புக்குறி போட்டிருக்கான், அது பழக்கத்துல வர்றது, பயாலஜி படத்துல அம்புக்குறி வேணாம், ரூலர் வெச்சு பென்சில்ல வெறும் கோடு, ஒன்ன ஒன்னு வெட்டாம. அம்புக்குறியோட தலை மட்டுமே ரெண்டு கோட்ட மறைச்சுடுது, மறைஞ்சா திருத்துறவங்களுக்கு எத காட்டுறான்னு தெரியாது.

குளோரோபிளாஸ்ட் விஷயம். வெங்காயமும் செடிதானே, பிளான்ட் செல்லுல குளோரோபிளாஸ்ட் இருக்கும்னு படிச்சிருக்கான், வரைஞ்சுட்டான். ஆனா கேள்வி "மைக்ராஸ்கோப்ல பாத்தத" வரைய சொல்லுது, அங்க அவன் பச்சையா ஒன்னும் பாத்திருக்க முடியாது. வெங்காயத்துல நாம உரிக்கிற அடுக்கெல்லாம் எலைதான், சாப்பாடு சேத்து வைக்க தடிச்சுப் போன எலை, வெளிச்சத்துல நின்னு உணவு தயாரிக்கிறது அதோட வேலை இல்ல, அதனால அந்தத் தோல்ல குளோரோபிளாஸ்ட் இருக்காது. வேர் செல்லும் அப்படித்தான். அதே செடியோட மேல நிக்கிற பச்சை தாள வெட்டிப் பாத்தா உள்ள இருக்கும். ஆக "பிளான்ட் செல்லுல குளோரோபிளாஸ்ட் உண்டு"ன்னு முழுசா சொல்லாம "பச்சையா இருக்குற பாகத்து செல்லுல உண்டு"ன்னு சொல்லணும். இன்னொரு பக்கமும் இருக்கு, படத்துல குளோரோபிளாஸ்ட் இல்லைங்கறதால இது அனிமல் செல்னு முடிவு பண்ணினாலும் தப்பு. "இது செடியோட செல்னு எப்படி சொல்றே"ன்னு கேட்டா வால காட்டணும், அதுதான் செடியோட எல்லா பாகத்துலயும் இருக்கும். காளானுக்கும் பேக்டீரியாவுக்கும் கூட வால் உண்டு, வேற பொருள்ல ஆனது, ஆனா செக் ஒன் கேள்வியில செடியா மிருகமான்னு ரெண்டுல ஒன்னுதான் கேப்பாங்க, அங்க வால் ஒன்னே போதும்.

இப்ப மூனு வித்தியாசம். அவன் எழுதினது போட்டோவுல இருக்கு. மொத வரி, பிளான்ட் செல்லுக்கு வால் அனிமல் செல்லுக்கு மெம்பிரேன். அது ஏன் தப்புன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது, "பிளான்ட் செல்லுல குளோரோபிளாஸ்ட் இருக்கு, அனிமல் செல்லுல நியூக்ளியஸ் இருக்கு". மூனாவது, "பிளான்ட் செல்லுல வேக்யுவோல் இருக்கு, அனிமல் செல் ரவுண்டா இருக்கும்". தனித்தனியா பாத்தா பாதிக்கு மேல சரிதான், ஆனா வித்தியாசம்னா ஒரே விஷயத்த ரெண்டு பக்கமும் வெச்சு பேசணும். தேக்கா மார்க்கெட்டுல இந்தக் கடையில முருங்கக்கா ரெண்டு வெள்ளி, அந்தக் கடைக்காரர் நல்லா பேசுவாருன்னா எந்தக் கடை மலிவுன்னு எப்படி தெரியும்? முருங்கக்கா வெலைய அந்தக் கடையிலயும் கேக்கணும்ல. அனிமல் செல்லுல நியூக்ளியஸ் இருக்குன்னு எழுதினா, அப்ப பிளான்ட் செல்லுல நியூக்ளியஸ் இல்லையான்னு ஆயிடுது.

திருத்தி எழுதினா எப்படி வரும்னு சொல்றேன், அவன் இங்கிலீஷ்ல எழுதிக்கட்டும். மொதல்ல வால்: பிளான்ட் செல்லுக்கு மெம்பிரேனுக்கு வெளிய செல் வால் இருக்கு, அனிமல் செல்லுக்கு செல் வால் கெடையாது. இதுல மெம்பிரேன் பேர தொடாமலும் எழுதலாம், தொட்டா ரெண்டுக்கும் உண்டுன்னு வரணும். ரெண்டாவது குளோரோபிளாஸ்ட்: பச்சை பாகத்து பிளான்ட் செல்லுல குளோரோபிளாஸ்ட் இருக்கு, அனிமல் செல் எதுலயும் கெடையாது. மூனாவது வேக்யுவோல், இங்கதான் கவனமா இருக்கணும். அனிமல் செல்லுல வேக்யுவோலே இல்லன்னு அடிச்சு எழுத வேணாம், சின்னச் சின்னதா இருக்கலாம், வரும் போகும். அதனால பிளான்ட் செல்லுல நடுவுல பெருசா ஒன்னு நெலையா இருக்கும், அனிமல் செல்லுல இருந்தா சின்னதா பலதா இருக்கும்னு அளவ வெச்சு எழுதுறதுதான் பாதுகாப்பு. வடிவத்த எழுத ஆசைப்பட்டா ரவுண்டுன்னு எழுதாதீங்க, கன்னத்து செல் ரவுண்டு இல்ல, நரம்பு செல் நூல் மாதிரி நீளமா ஓடும். பிளான்ட் செல்லுக்கு பெரும்பாலும் ஒரு கட்டான வடிவம், அனிமல் செல்லுக்கு அப்படி கெடையாது, காரணம் வால் இருக்குறதும் இல்லாததும்னு எழுதினா நிக்கும்.

இதுக்கு மேல "விளக்கு"ன்னு கேட்டா வேலைய சொல்லணும், அங்கயும் பசங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, "செல் வால் உள்ள போறத வர்றத கட்டுப்படுத்தும்"னு எழுதிடுவாங்க. அது மெம்பிரேனோட வேலை. வால் செல்லுலோஸ்ல ஆனது, வலை மாதிரி, தண்ணியும் அதுல கரைஞ்ச உப்பு சர்க்கரையும் தாராளமா போகும். அதோட வேலை வடிவத்த காப்பாத்துறது, செல் தண்ணி குடிச்சு உப்புனா வெடிக்காம தாங்குறது. யார உள்ள விடணும் யார விடக்கூடாதுன்னு பாக்குறது மெம்பிரேன்தான்.

ஒரு சின்ன கதை, தம்பிக்கு சொல்லுங்க. 1665ல ராபர்ட் ஹூக் தக்கைய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பாத்து, சின்னச் சின்ன அறையா இருக்கேன்னு செல்னு பேர் வெச்சாரு. அந்தத் தக்கை செத்துப்போன திசு, உள்ள ஒன்னும் இல்ல. ஆக அவர் பாத்தது வால் மட்டும்தான்.

சரி, ரெண்டும் வேற வேறன்னு நான் வாயால சொல்றத விட அவன் கண்ணால பாத்துட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது. சாதாரண வெங்காய செல்லுல மெம்பிரேன் தனியா தெரியவே தெரியாது, உள்ள இருக்குற தண்ணி அத வாலோட ஒட்டி அழுத்தி வெச்சிருக்கும், ரெண்டும் ஒரே கோடாத்தான் தெரியும், அதனாலதான் பசங்களுக்கு நம்பிக்கையே வர்றதில்ல. பிரிச்சுக் காட்ட வழி இருக்கு. ஸ்கூல் லேப்ல கேட்டாலும் சரி, வீட்டுல 100 மடங்கு காட்டுற மைக்ராஸ்கோப் இருந்தாலும் சரி.

பெரிய வெங்காயத்துல செவப்பு வெங்காயம் எடுங்க, வெள்ளை வேணாம். காஞ்ச சருகத் தள்ளிட்டு சதைப்பத்தான அடுக்கு ஒன்ன எடுங்க. அதோட வெளிப்பக்கம் ஊதாவா இருக்கும், உள்பக்கம் நெறமில்லாம கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கும். ஸ்கூல்ல வழக்கமா உள்பக்கத் தோல உரிச்சு அயோடின் விட்டு பாப்பாங்க, அது சுலபமா உரியும், நியூக்ளியஸ் பழுப்பு மஞ்சளா தெரியும். நமக்கு வேணுங்கறது வெளிப்பக்க ஊதாத் தோல், இது கொஞ்சம் அடம் புடிக்கும், பிளேடால லேசா கீறிட்டு (இத நீங்க பண்ணுங்க) நகத்தால மெதுவா இழுத்தா ஓரத்துல மெல்லிசா கொஞ்சம் வரும், அரை சென்டிமீட்டர் கிடைச்சா தாராளம். சதையும் சேந்து வந்துட்டா வெளிச்சம் ஊடுருவாது, வேற துண்டு எடுங்க. ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணி, அதுல தோல மடிப்பில்லாம விரிச்சு, கவர் ஸ்லிப்ப சாய்ச்சு ஒரு ஓரத்துல இருந்து மெதுவா படுக்க வைங்க, அப்படியே மேல இருந்து போட்டா காத்து மாட்டிக்கும்.

இப்ப பாத்தா செங்கல் அடுக்கின மாதிரி செல், ஒவ்வொன்னும் ஓரம் வரைக்கும் ஊதா நெறஞ்சிருக்கும். அந்த நெறம் வேக்யுவோல்ல இருக்குற சாப்போட நெறம், நடுவுல இருக்குறது எவ்வளவு பெருசுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியும், சைட்டோபிளாசம் எங்கடான்னு தேட வேண்டியிருக்கும். லேபிள மாத்தி போட்டானே, அதுக்கு இதுவே பதில்.

அப்புறம் அரை கிளாஸ் தண்ணியில, ஒரு 100 மில்லி, ஒரு டீஸ்பூன் உப்பு நல்லா கரைங்க. கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல இந்த உப்புத் தண்ணிய ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பர தொட வைங்க, அது பழைய தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணி உள்ள வரும். ரெண்டு மூனு தடவ பண்ணுங்க. சில நிமிஷத்துல ஊதா நெறம் ஓரத்துல இருந்து வெலக ஆரம்பிக்கும், மொதல்ல மூலையில, அப்புறம் நாலா பக்கமும், கடைசியில பெட்டிக்குள்ள ஒரு ஊதா உருண்டை சுருங்கி கெடக்குற மாதிரி ஆயிடும். பெட்டி அப்படியே நிக்கும், அது வால். உருண்டையோட வெளி ஓரம் எங்க முடியுதோ அங்க மெம்பிரேன். அதுக்கும் ஊதாவுக்கும் நடுவுல மெல்லிசா சைட்டோபிளாசம் இருக்கு, இந்தப் பெருக்கத்துல அவ்வளவா தெரியாது.

அங்க தம்பிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: பெட்டிக்கும் உருண்டைக்கும் நடுவுல இருக்குற காலி எடத்துல என்ன இருக்கு? காத்துன்னு சொல்லுவான், எல்லாரும் அதான் சொல்லுவாங்க. அங்க இருக்குறது உப்புத் தண்ணி. வால் அத தடுக்கல, விட்டுடுச்சு. மெம்பிரேன் உப்ப சுலபமா உள்ள விடல, உள்ள இருந்த தண்ணிதான் வெளிய போச்சு. வாலுக்கும் மெம்பிரேனுக்கும் வேலை வேறங்கறது இந்த ஒரு எடத்துலயே தெரிஞ்சுடுது. ரொம்ப நேரம் போட்டு வைக்காம திரும்ப நல்ல தண்ணிய இதே மாதிரி இழுத்தா உருண்டை வீங்கி மறுபடி வால போய் ஒட்டிக்கும். ஒட்டலன்னா அந்த செல் செத்துடுச்சு, வேற துண்டு எடுத்து சீக்கிரமா பண்ணுங்க. மொதல்ல இருந்தே நெறம் வெலகவே இல்லன்னா உப்பு போதல, இல்லன்னா உரிக்கும்போதே செல் கிழிஞ்சு சாப் ஒழுகியிருக்கும், கிழிஞ்சது வெளிறிப் போய் தெரியும், பக்கத்துல நெறம் அழுத்தமா இருக்குற செல்ல பாருங்க.

அனிமல் செல்லுக்கு பக்கத்துல வெச்சுப் பாக்க லேப்ல கன்னத்து செல் ஸ்லைடு ரெடியா இருக்கும், மெத்திலீன் புளூ போட்டது. சொந்த வாயில சுரண்டி பாக்க வேணாம், லேப்ல விடவும் மாட்டாங்க பெரும்பாலும். வெளிர் நீலத்துல கிழிச்சுப் போட்ட பேப்பர் துண்டு மாதிரி ஒழுங்கில்லாம கெடக்கும், சில ஓரம் மடிஞ்சிருக்கும், நடுவுல கடும் நீலத்துல ஒரு புள்ளி நியூக்ளியஸ். அந்த ஓரம் மடிஞ்சிருக்கு பாருங்க, அது வால் இல்லாததாலதான், வெங்காய செல் அப்படி சுலபமா மடியாது. வெங்காய செல் இத விட பல மடங்கு நீளமும் கூட, ஆனா படத்துல ரெண்டையும் ஒரே சைஸ்ல போட்டிருப்பாங்க, அதனால ஒர்க்‌ஷீட் படத்த வெச்சு அளவு பத்தி எழுத வேணாம்.

கடைசியா ஒன்னு, போட்டோவுல தம்பி வரைஞ்ச வெங்காய செல்லுக்கு பக்கத்துல தடிச்ச கறுப்பு விளிம்போட ஒரு வட்டம் வரைஞ்சு அதையும் செல்னு எழுதி வெச்சிருக்கான், பாத்தேன், சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா எங்க லேப்லயும் மொத நாள் பாதிப் பேர் அதத்தான் வரைவாங்க. அது காத்துக் குமிழ். செல்லுக்கு அவ்வளவு கறுப்பா விளிம்பு இருக்காது, உள்ள நியூக்ளியசும் தேடினா கெடைக்காது, கவர் ஸ்லிப்ப பென்சில் முனையால லேசா தட்டினா நகந்து போயிடும்.